டைலில் பிடித்த கறள்

குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தது. குறிஞ்சிப்பிட்டியில் பாதி வீடுகளில் இதுதான் கதை. வாளியில் பிடித்து வைத்தால் தெளிவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் போனால் அடியில் செம்மஞ்சள் படியும். ரிஃபாஸின் குளியலறையில் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததால், அதன் கீழே இருந்த வெள்ளை டைலில் உள்ளங்கை அளவுக்குத் துருக்கறள் பிடித்திருந்தது. வீடு கட்டிய காலத்திலிருந்தே அது அங்கேதான். யாரும் கவனித்ததில்லை.

அவன் மனைவி மர்ளியாவுக்கு அந்த இடத்தில்தான் கரு கலைந்தது. மூன்று மாதம். அதன் பிறகு அவள் அந்தக் கறளைத்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே முற்றத்தைக் கடந்து முன்வீட்டில் உம்மாவோடு படுத்துக்கொண்டாள். பின்வீடு அவளுக்கென்று பெற்றோர் கட்டிக் கொடுத்தது. இப்போது அதில் ரிஃபாஸ் மட்டும் இருந்தான்.

"அது போனாத்தான் நான் அங்க வருவன்," என்றாள்.

"அது கறள் புள்ள. முன்னமே இருந்தது."

"தெரியும்."

அவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. படகு என்ஜின் பழுது பார்க்கிறவன். கறளோடுதான் அவன் பிழைப்பு. இரும்பில் பிடித்ததைக் கம்பிப் பிரஷால் சுரண்டி எடுத்துவிடுவான். டைல் விஷயம் தெரியாது. கற்பிட்டியில் டைல் கடை வைத்திருக்கும் டொறத்தியிடம் போனான்.

"பாத்ரூம் டைலுக்கு அடிக்கிற அசிட் ஒரு போத்தல் தாங்க அக்கா."

"என்ன கறையோ?"

"கறள். டெப் ஒழுகி ஒழுகிப் பிடிச்சது."

"இதுக்கு முன்னம் என்ன ஊத்தின நீங்க?"

"மாமி ஒவ்வொரு நாளும் ப்ளீச் ஊத்துறா."

டொறத்தி கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ப்ளீச் கறளை எடுக்காது தம்பி. இன்னும் நல்லாப் பிடிக்க வைக்கும். அதுக்கு மேல இந்த அசிட்ட ஊத்தினா ஒரு புகை வரும். நீங்க போய்ச் சேர்ந்திருவீங்க. டைல் மட்டும் இருக்கும். உங்க மாமிக்கு உங்களப் பிடிக்காதோ?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு.

"அப்ப என்ன செய்ய?"

"முதல்ல டெப்ப திருத்துங்க. ஒழுகுற மட்டும் கறளும் வரும். ப்ளீச்சை வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவுங்க. பிறகு புளிக்கிற தேசிக்காய்த் தண்ணியில டிஷ்யூவ நனைச்சு கறைக்கு மேல போட்டு, காயாம ஷொப்பிங் பேக்கால மூடி வைங்க. அரை மணித்தியாலம் போதும். மெத்தெண்ட துணியால துடைச்சுக் கழுவுங்க. போகாட்டித் திரும்பவும் அதையே செய்யுங்க. அவசரப்பட்டுச் சுரண்டக் கூடாது. கம்பிப் பஞ்சு, மணல் ரெண்டையும் கிட்டக் கொண்டு போகாதீங்க. மேல இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சு கீறினா முடிஞ்சுது. கறள் அந்தக் கீறலுக்குள்ள இறங்கிரும். கம்பிப் பஞ்சிட தூள் ஒட்டினா அதுவே கறளாகும்."

எதையும் விற்காமலே அனுப்பிவிட்டாள். குழாய்க்கு ஒரு வாஷர் மட்டும் வாங்கினான்.

சொன்னபடி செய்தான். வாஷரை மாற்றினான். ஒழுக்கு நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்த பிறகு குந்தியிருந்து தேசிக்காய் பிழிந்தான். முதல் தடவை மஞ்சள் இளகியது. மூன்றாவது தடவை டிஷ்யூவைத் தூக்கியபோது டைல் வெள்ளையாக இருந்தது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தான். மேலே இருந்த லைட் அதில் கீறலில்லாமல் தெரிந்தது.

முன்வீட்டு வாசலில் நின்று சொன்னான். "கறள் போயிட்டு. வந்து பாருங்களேன்."

"நாளைக்குப் பாப்பம்," என்றாள் மர்ளியா.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது டைலில் செம்மஞ்சள் புள்ளிகள் இருந்தன. குழாயைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. திரும்பவும் தேசிக்காய். திரும்பவும் வெள்ளை. இரண்டு நாளில் திரும்பவும் புள்ளிகள். இந்தமுறை விரலால் தடவியபோது சொரசொரத்தது. லைட் அந்த இடத்தில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

மாமி மஹ்மூதாதான் என்று நினைத்தான். நேரே போய்க் கேட்டான்.

"மாமி, அந்த டைலை உரஞ்சுறீங்களா?"

"நானா? நீங்க ப்ளீச் வேணாமெண்ட நாள்ல இருந்து அந்தப் பக்கமே போகல்ல மகன்." மஹ்மூதா சட்டி கழுவுகிற பீலிக் குழாய்ப் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எண்ட கம்பிப் பஞ்சும் காணல்ல."

அடுத்த நாள் பகலில், ஒரு என்ஜினைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். பின்வீட்டுக் கதவு திறந்திருந்தது. குளியலறையில் மர்ளியா முழங்காலில் நின்றிருந்தாள். சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தாள். பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் கடற்கரை மணல். கையில் கம்பிப் பஞ்சு. அவனைக் கண்டும் நிறுத்தவில்லை.

"வர ஏலாதெண்டு சொன்னீங்க," என்றான்.

"நீங்க இல்லாத நேரம் ஏலும்."

"உரஞ்சாதீங்க. நான் துடைச்சு முடிக்கக்குள்ள அது வெள்ளையாத்தான் இருந்தது. நீங்க உரஞ்சித்தான் திரும்பக் கறள் வருது. பஞ்சிட தூள்தான் அது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குப் பைத்தியம் இல்ல. கறள் எண்டும் தெரியும், ரத்தம் இல்லையெண்டும் தெரியும்." அவள் கையை நிறுத்தினாள். "அண்டைக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கக்குள்ள இதெல்லாம் கழுவினது யாரு?"

"நான்தான்."

"நான் வரக்குள்ள எல்லாம் முடிஞ்சி. தரை காஞ்சி. ஒண்டுமே நடக்காத மாதிரி. பொறந்து செத்த புள்ளைட மையத்தெண்டா குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டிருப்பாங்க. நாலு மாசம் ஆகல்ல, குளிப்பாட்டத் தேவையில்லையாம். நல்லது. எனக்குக் கழுவ இது மட்டும்தானே மிச்சம்."

அன்று அவன் கழுவியது அவளுக்காகத்தான். அவள் கண்ணில் படக் கூடாதென்று, வாளி வாளியாக ஊற்றி, கதவைத் திறந்து காயவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிரயோசனம் இருக்காது.

குசினிக்குப் போய்த் தேசிக்காய் இரண்டை வெட்டிக்கொண்டு வந்தான். பழைய பெனியன் ஒன்றைக் கிழித்து அவள் முன்னால் வைத்தான்.

"கம்பியால வேணாம். மேல பூச்சுப் போயிட்டெண்டா பிறகு யாராலயும் எடுக்க ஏலா. இதால கழுவுங்க. உங்களுக்கு வேணுமட்டும் கழுவுங்க. நான் வெளியில ஈக்கிறன்."

"போக வேணாம்," என்றாள்.

அவள் டைலில் கிடந்த மணலைத் தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவிவிட்டாள். டிஷ்யூவை நனைத்து விரித்தாள். ஷொப்பிங் பேக்கை மேலே போட்டு நாலு பக்கமும் விரலால் அமுக்கினாள். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தேசிக்காய் மணம் எழுந்தது. முன்வீட்டில் மஹ்மூதா யாரோடோ போனில் சத்தமாகக் கதைத்தாள், வெங்காயத்துக்கு மழை கூடாதென்று.

நேரமானதும் மர்ளியா டிஷ்யூவை எடுத்தாள். துணியால் துடைத்தாள். அழுத்தவில்லை, முகம் துடைக்கிற மாதிரி. பிறகு கோப்பையால் தண்ணீர் ஊற்றினாள். ஒரு தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். மூன்றாவதில் அவள் தோள் குலுங்கியது. அவன் கையை நீட்டினான். அவள் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

கறள் போய்விட்டிருந்தது. மங்கிய இடம் மட்டும் இருந்தது. மற்ற டைல்களில் தண்ணீர் உருண்டது. அங்கே பரவி நின்றது.

"இது போகாதா?" என்று கேட்டாள்.

"இல்ல. பூச்சு தேஞ்சிட்டு. வேணுமெண்டா டைல மாத்தலாம்."

"மாத்த வேணாம்." எழுந்து மடித்த கையை இறக்கிவிட்டாள். "தண்ணியத் தானாக் காய விடாதீங்க. துடைச்சு வைங்க. இல்லாட்டித் திரும்பப் பிடிக்கும்."

"வாறீங்களா, இங்க?"

வாசலில் நின்று யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"இண்டைக்கு ஏலா," என்றாள்.

முற்றத்தைக் கடந்து போனாள். ரிஃபாஸ் பெனியன் துண்டைப் பிழிந்து, அந்த இடத்தை ஈரம் போகும்வரை துடைத்தான்.