நான்கு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்

கலெக்டர் அலுவலகத்தில் நிவாரணப் பிரிவின் கண்காணிப்பாளர் பிரேமகுமாரிக்குக் காற்புள்ளி விஷயத்தில் மூக்குக்கு மேல் கோபம் வரும். புதிதாக வந்த கம்ப்யூட்டர் தொகைகளை வெள்ளைக்காரன் கணக்கில் மும்மூன்றாகப் பிரித்துத் தள்ளியது. அவள் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். தட்டச்சர் சவரிமுத்து அவளைக் கண்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

"பன்னிரண்டு, ஐநூறு, மூணு சைபர்னு போட்டா அது ஒண்ணேகால் கோடின்னு எந்த மகராசனுக்குத் தெரியும்? கடைசியில மூணு இலக்கம், அப்புறம் ரெண்டு ரெண்டா. ஆயிரம், லட்சம், கோடி. இதுகூட அந்தப் பொட்டிக்குத் தெரியாதா?"

பெட்டிக்குத் தெரியாது என்று சவரிமுத்து பணிவாகச் சொன்னான். அவள் விடவில்லை. 'ரூ.' என்ற எழுத்துக்கும் முதல் இலக்கத்துக்கும் நடுவே இடம் விட்டால் எவனாவது முன்னால் ஒரு ஒன்றைச் செருகிவிடுவான். தொகை முடிந்த இடத்தில் சாய்கோடும் சிறு கோடும் ஒட்டிவர வேண்டும், எழுத்தில் எழுதினால் 'மட்டும்' என்று முடிக்க வேண்டும். இந்தப் பாட்டை அவள் வாரம் ஒருமுறையாவது பாடினாள். தணிக்கைக்காரர்களே அவள் கோப்பைப் பார்த்தால் நிம்மதியாகக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த கோப்பு பேச்சியம்மாளுடையது. பட்டாசு ஆலை வெடித்ததில் பாதி உடம்பு வெந்துபோனவள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிடந்தாள். தோல் ஒட்டும் அறுவை செய்தால் பிழைப்பாள், தள்ளிப்போட்டால் புண்ணில் கிருமி ஏறும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அரசின் ஆணையைக் காட்டினால் போதும், பணம் பின்னால் வரட்டும் என்று நிர்வாகமும் ஒப்புக்கொண்டிருந்தது. கலெக்டர் நாலரை லட்சத்துக்குக் குறிப்பில் கையெழுத்திட்டுவிட்டார். மதியம் அவர் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஆணை தயாராக வேண்டும்.

சவரிமுத்து அவசரத்தில் அடித்துக் கொண்டுவந்தான். 450,000 என்று இருந்தது. பிரேமகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு காற்புள்ளியைச் சுழித்தாள். அவன் ஓடிப்போய்ப் பழைய காற்புள்ளியை அழித்தான். அழித்த வேகத்தில் பக்கத்துச் சைபரும் போனது. நாலுக்குப் பின்னால் ஒன்று, ஐம்பதுக்குப் பின்னால் ஒன்று என்று காற்புள்ளிகளைச் செருகித் திரும்ப அச்செடுத்தான். தாளில் நின்றது ரூ.4,50,00/-. அடைப்புக்குறிக்குள் நான்கு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும் என்று எழுத்தில் சரியாகவே இருந்தது.

அவள் கண் நேரே காற்புள்ளிக்குத்தான் போனது. லட்சத்துக்குப் பின் ஒன்று, ஆயிரத்துக்குப் பின் ஒன்று, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அப்பாடா, பயலுக்குப் புத்தி வந்துவிட்டது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். சைபரை எண்ணவில்லை. கலெக்டர் எழுந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

பேச்சியம்மாளின் கணவன் சங்கிலி மாலை பஸ்ஸிலேயே ஆணையை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனான். சனிக்கிழமை காலை திரும்பி வந்து நின்றான். தாளில் எண்ணைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் இருந்தது.

"நாப்பத்தஞ்சாயிரந்தான் குடுத்திருக்காகன்னு சொல்றாகம்மா. இத வச்சி ஆப்பரேசன் பண்ண முடியாதாம்."

அவள் தாளை வாங்கி விரலை வைத்து எண்ணினாள். மருத்துவமனைக்குப் போன் போட்டு, எழுத்தில் சரியாக இருக்கிறதே, அதைப் படியுங்கள் என்று மேலாளரிடம் மன்றாடினாள். அவர் மரியாதையாகவே பேசினார். எழுத்தில் ஒன்று, எண்ணில் ஒன்று இருந்தால் நாளைக்குக் கருவூலம் எந்தத் தொகையைக் கொடுக்கும் என்று அவர் கேட்டார். கருவூலம் இரண்டையும் கொடுக்காது, பணம் கேட்டு வரும் பட்டியலையே திருப்பி அனுப்பும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? திருத்த ஆணை அனுப்பினால் அந்த நிமிடமே அறுவைக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார் மேலாளர்.

கலெக்டர் இல்லாதபோது பொறுப்பு மாவட்ட வருவாய் அலுவலருக்கு. அவர் கையை விரித்தார். இவ்வளவு பெரிய தொகைக்குத் தனக்கு அதிகாரமில்லை, ஆணை போட்ட கைதான் திருத்த வேண்டும் என்றார். கலெக்டரின் நேர்முக உதவியாளர் தங்கராஜ்தான் அவளைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சைபர்தானேம்மா. அந்தச் சாய்கோட்டை லேசாச் சுரண்டிட்டு, பேனாவால போட்டு, ஓரத்துல உங்க இனிஷியலைப் போடுங்க. சார் வந்ததும் சொல்லிக்கலாம்."

பேனா கையில்தான் இருந்தது. அவள் மனசு அதைப் போடு போடு என்றது. ஆனால் கையெழுத்தான ஆணையில் ஒரு சைபரைக் கூட்டியவனை வேலையை விட்டே அனுப்பியதை அவள் பார்த்திருக்கிறாள். அவன் கூட்டியதும் நல்லதுக்குத்தான் என்று சொன்னான். அதோடு, எண்ணைச் சுற்றி வட்டம் போட்ட மேலாளர் அந்தத் தாளை நகலெடுத்து வைத்திருக்க மாட்டாரா? திருட்டுத்தனம் தெரிந்தால் ஆணையே செல்லாமல் போகும். அவள் பேனாவை மூடினாள். பயம்தான் அது. நியாயமும் கொஞ்சம் இருந்தது. எது எவ்வளவு என்று பிற்பாடு அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

திருத்த ஆணையைத் தானே அடித்தாள். 'ரூ.4,50,00/- என்றிருப்பதை ரூ.4,50,000/- (ரூபாய் நான்கு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்) எனத் திருத்திப் படிக்க வேண்டும்.' சென்னை பஸ்ஸில் ஏறினாள். ஞாயிறு காலை விருந்தினர் மாளிகை வாசலில் காத்திருந்து கலெக்டரிடம் கையெழுத்து வாங்கினாள். அவர் அவளைத் திட்டவில்லை, தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அங்கிருந்தே மதுரை பஸ்ஸைப் பிடித்தாள்.

மருத்துவமனையில் மேலாளர் திருத்த ஆணையைப் படித்தார், தலையசைத்தார், உடனே மருத்துவரைக் கூப்பிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாவம். மருத்துவர்தான் உதட்டைப் பிதுக்கினார். முந்தின நாளே காய்ச்சல் ஏறிவிட்டது, ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, இந்த நிலையில் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும் என்றார். சங்கிலி நடையில் குந்தியிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். வாங்கிட்டு வந்துட்டீகளாம்மா என்று கேட்டான். அந்தக் கும்பிடுதான் அவளைக் கொன்றது.

செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

கோப்பு அதோடு முடியுமா? சிகிச்சைக்கு ஒதுக்கிய தொகையை ரத்து செய்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கான ஒரு லட்சத்துக்கு ஆணை போட வேண்டியிருந்தது. பிரேமகுமாரி அதைச் சவரிமுத்துவிடம் கொடுக்கவில்லை. அவன் மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அழித்தது அவன், பார்க்காமல் விட்டது நான் என்று நேர்முக உதவியாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். விளக்கம் கேட்டு அவளுக்குக் குறிப்பாணை வந்திருந்தது. பதிலில் அதையேதான் எழுதினாள்.

சங்கிலி மொட்டைத் தலையோடு வந்தான். காசோலையையும் ஆணையையும் அவன் முன்னால் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். பேனாவைக் கொடுக்கும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

"அன்னைக்குத் தப்பு என்னோடதுய்யா. நான் எண்ணிப் பாக்கல."

அவன் காசோலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திரும்ப மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினான்.

"இதுல சைபரெல்லாம் சரியா இருக்காம்மா? ஒருக்க எண்ணிச் சொல்லுங்க."

அவன் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவள் ஆள்காட்டி விரலை முதல் சைபரின் அடியில் வைத்தாள். ஒவ்வொன்றாக நகர்த்தி வாய்விட்டு எண்ணினாள். அஞ்சு இருக்கு என்றாள். சங்கிலி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.