தானாகத் திறந்த மெயில்

சலவைக் கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்பின் கனம் தோளுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியின் அத்தனை வார்டுகளும் ஒரே நாளில் அழுக்கானது போல மெஷின்கள் துப்பிக்கொண்டே இருக்கும். அவள் இழுத்து, உதறி, வண்டியில் போட்டுக்கொண்டே இருப்பாள். வலது தோள் எப்போதோ விட்டுப்போய்விட்டது. பல் துலக்கக்கூட இடது கைதான்.

அதனால்தான் துணி அறை வேலைக்கு எழுதிப் போட்டாள். உட்கார்ந்துகொண்டு, மடித்து வந்த துணியை வார்டு வாரியாகப் பிரித்து அடுக்கும் வேலை. இருப்பது ஒரே ஒரு இடம். பதில் மெயிலில் வரும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

மெயில் என்பதே அவளுக்குப் புதுசு. நாற்பது தாண்டி, மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவள். சம்பளச் சீட்டு பார்க்க ஆபீஸே எல்லாருக்கும் ஒரு மெயில் கணக்கு போட்டுக்கொடுத்திருந்தது. பார்ப்பதற்கு ஓய்வறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர். வருகிறவன் பார்ப்பான், பெருக்கல் குறியை அழுத்தி மூடுவான், போய்விடுவான்.

அன்றைக்கு டீ நேரத்தில் அவள் போய் உட்கார்ந்தபோது மெயில் பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துகொண்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துகிறவளுக்கு அது பெரிய உபகாரம். இதுக்காவது என் மேல இரக்கம் வந்துச்சே என்று நினைத்துக்கொண்டாள். மேலே ஆபீஸ் மெயில் இருந்தது. துணி அறை வேலைக்கு விண்ணப்பித்தவர், இன்னும் விருப்பம் இருந்தால் இன்று மாலைக்குள் பதில் எழுதவும். இரண்டு தடவை கூட்டிப் படித்துவிட்டு, "எனக்குச் சம்மதம்" என்று அடித்து அனுப்பினாள். பெயர் போடவில்லை. மெயிலில் பெயர் தானாகவே போகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்தாள். தோள் அன்று ராத்திரி கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டது.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து, துணி அறை வேலை ரேடியோவுக்கு என்றார்.

ரேடியோ என்பது மெஷின் ஓட்டுகிறவர். அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். மெஷின் சத்தத்துக்கு மேலேயும் பேசிக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பேர். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். எழுதிப் போட்டது உண்மைதான், ஆனால் மெயில் வந்ததையே பார்க்கவில்லை, பதிலும் எழுதவில்லை என்றார். மேஸ்திரி, எழுதாமலா ஆபீஸ் கனவு கண்டுச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்றுத் தான் எழுதிய பதில் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவரை ஓய்வறைக்குக் கூட்டிப் போனாள். மெயில் மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்காமலே திறந்தது. மேல் மூலையில் வட்டத்தில் ஒரு எழுத்து. அதை அவள் இதுவரை ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை. அது அவள் பெயரின் எழுத்து இல்லை, அவர் பெயரின் எழுத்து. அனுப்பியவை என்ற இடத்தில் இருந்தது, எனக்குச் சம்மதம்.

இரண்டு பேருக்கும் ஆபீஸைத் தவிர மெயில் எழுத நாதியில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதே சம்பளச் சீட்டு, அதே ஆபீஸ் மெயில். அது தன் பெட்டி இல்லை என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

மெஷின் மணி அடித்தது. ரேடியோ பழக்கதோஷத்தில் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுக் கிளம்பினார்.

மதியம் இருவரும் ஆபீஸில் போய் நின்றார்கள். கிளார்க் அம்மாவுக்கும் தூக்கம் பற்றாத முகம். கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் விளக்கினாள். மூடுவது வேறு, வெளியேறுவது வேறாம். ஜன்னலை மூடினாலும் கணக்கு திறந்தேதான் கிடக்குமாம். வெளியேறு என்பதை அழுத்தினால்தான் அந்த ஆள் போனதாகக் கணக்காம். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால், பொதுக் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

ரேடியோ, சேமி என்ற நீலப் பட்டனைத் தான் எப்போதோ அழுத்திவிட்டதாகச் சொன்னார். எது கேட்டாலும் நீலத்தை அழுத்துவதுதான் அவர் வழக்கம்.

இருவருக்கும் மறுபடி மெயில் போடுவதாகக் கிளார்க் சொன்னாள். மாலைக்குள் பதில் வர வேண்டும். இரண்டு பேருமே சம்மதம் என்றால் சர்வீஸ் அதிகம் உள்ளவருக்குத்தான்.

ரேடியோவுக்குத்தான் சர்வீஸ் அதிகம். அவருக்கு முட்டி போய்விட்டதும் அவளுக்குத் தெரியும். படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவார். 

ஷிப்ட் முடிந்து அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஓய்வறையில் யாரும் இல்லை. மெயில் தானாகத் திறந்தது. காலையில் மூடினது மூடினதுதான், வெளியேறவில்லையே. ரேடியோவின் பெட்டி. மேலே ஆபீஸ் மெயில் தடித்த எழுத்தில், யாரும் படிக்காமல் கிடந்தது.

எனக்கு வேண்டாம். அவ்வளவு அடித்தால் போதும். அவர் பெயரிலேயே போகும். நேற்றுத் தெரியாமல் செய்ததை இன்று தெரிந்து செய்ய வேண்டும், அதுதான் வித்தியாசம். அனுப்பியதை அழித்தும் விடலாம். தோள் விண்விண் என்று தெறித்தது. 

அவள் வட்டத்தை அழுத்தி, வெளியேறு என்பதைத் தேடி எடுத்து அழுத்தினாள்.

பக்கம் மாறியது. ஆனால் அவர் மெயில் முகவரி அங்கேயே நின்றது, கீழே பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாக நிரம்பியிருந்தது. அந்த நீலப் பட்டனின் வேலை. ஒரு தட்டு தட்டினால் மறுபடி உள்ளே. எத்தனை தடவைதான் ஒரு மனுஷி நல்லவளாக இருப்பது என்று அவளுக்கு அலுத்துப்போனது. எழுந்து போய், சட்டை மாற்றிக்கொண்டிருந்த அவரைக் கையோடு கூட்டி வந்தாள்.

"உங்க பாஸ்வேர்ட் இதுல உட்கார்ந்திருக்கு. எடுங்கண்ணே."

"உள்ள போயி பார்த்தியா?"

"தானா திறந்துச்சு. ஆபீஸ் மெயில் வந்திருக்கு. நான் தொடல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இருவருமாக அமைப்புகளில் நுழைந்து, சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் இடத்தைத் தட்டுத்தடுமாறிப் பிடித்து, அவருடையதை நீக்கினார்கள். மெயில் பக்கத்தை மறுபடி திறந்தார்கள். காலிக் கட்டங்கள். இப்போது எல்லாரையும் போல அவரையும் கேட்டது.

அவர் பாஸ்வேர்ட் அடித்தார். சேமிக்கவா என்று கேட்டதற்கு நீலத்தின் மேல் போன விரலை இழுத்துக்கொண்டு, வேண்டாம் என்பதை அழுத்தினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தட்டுகிற சத்தம் கொஞ்சமாகத்தான் கேட்டது. சம்மதமா, வேண்டாமா என்று சத்தத்தில் தெரியவில்லை.

"வெளியேறிட்டேன். நீயே பாத்துக்கோ," என்றார்.

பார்த்தாள். கட்டங்கள் காலி.

"என்ன எழுதினீங்க?"

"வேணாம்னு. அந்த ரூம்ல நாள் முழுக்க யார்கிட்ட பேசறது? தலையணை உறைகிட்டயா?"

சொல்லிவிட்டு எழுந்தார். எழும்போது முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். அவள் பார்த்தது அவருக்கும் தெரியும். 

அவர் பக்கவாட்டில் படி இறங்கிப் போகிற சத்தம் ஓய்ந்தது. அவள் உட்கார்ந்து, தன் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக, இடது கையால் அடிக்கத் தொடங்கினாள்.