காய்ச்சல் இறங்கிய பின்

டெரிக் எழுந்தான். கேத்தலை அடுப்பில் வைத்தான். முந்தின நாள் வாங்கிய பாணில் மூன்று துண்டு வெட்டி மாஜரின் பூசித் தின்றான். ஒரு றாத்தல் பாண் ஒரு ஆளுக்கு மிஞ்சும். மிஞ்சியதைப் பின்மதிலில் வைத்தான், காகங்களுக்கு. தேத்தண்ணீர் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை அயன் பண்ணினான்.

கதவைப் பூட்டும்போது மாமியார் மாக்ரெட் படியேறி வந்தார். கொட்டாஞ்சேனையில் அடுத்த ஒழுங்கையில்தான் அவருடைய வீடு. கையில் ஒரு தாள். மகளும் டெரிக்கின் மனைவியுமான ரொஷேல் இறந்த முதலாம் ஆண்டுப் பூசைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கார்ட்டின் மாதிரி.

"பிரின்ட்டுக்குக் குடுக்க முதல் ஒருக்காப் பாருங்க மகன். பிழை பிடிக்கிறதுதானே உங்கட வேலை."

"ஓம் மம்மி."

வாசிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு இன்னொன்று. யன்னலோரம் இடம் கிடைத்தது. மழை விட்டிருந்தது. வீதியோரக் கான்களில் தண்ணீர் நின்றது.

நமசிவாயத்தின் பயிற்சி நிலையம் ஒரு சாறிக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்தது. முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டில் வைத்துப் பராமரிக்க ஆட்களை அங்கே பழக்கினார்கள். பாடநூல் ஒன்றுதான், தலையணைத் தடிப்பில். பழக வந்த பிள்ளைகள் அதைத் திறப்பதில்லை. ஆகவே நமசிவாயம் அதைக் கம்பியூட்டருக்குக் கொடுத்து அத்தியாயத்துக்கு இரண்டு பக்கமாகச் சுருக்கி எடுப்பித்தார். ஃபோனில் வாசிக்கலாம். சுருக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுவதற்கு இரண்டு பேரை வைத்திருந்தார். ஒருவன் டெரிக். மற்றவள் தெமட்டகொடையிலிருந்து வரும் ஆதிபா.

ஒப்பிடுவதற்கு டெரிக்கிடம் ஒரு முறை இருந்தது. முதலில் புத்தகம். சுருக்கத்தை மட்டையால் மூடிவிடுவான். புத்தகத்தில் "மட்டும்", "எனின்", "தவிர", "ஆனால்", "வரை" என்று வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போடுவான். இலக்கங்களுக்கும் அவற்றின் அலகுகளுக்கும் கீழே கோடு. பிறகுதான் மட்டையை எடுத்து, வட்டமும் கோடும் சுருக்கத்தில் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடுவான். மாறிச் செய்தால் வராது. சுருக்கம் வழவழவென்று இருக்கும்; அதை முதலில் வாசித்தவனுக்குப் புத்தகமும் அதையே சொல்வதாகத் தெரியும்.

அன்று காலை படுக்கைப் புண் அத்தியாயம். முதல் நிலையில் தோல் கிழிந்திராது, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாது என்று புத்தகம் சொன்னது. சுருக்கம், "முதல் நிலை: தோல் சிவந்து புண்ணாகும்" என்றது. புண்ணான பிறகு கண்டுபிடிப்பதற்கு எதற்கு முதல் நிலை? சீனி வருத்த அத்தியாயத்தில் இன்னொன்று. இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது 3.9 மில்லிமூலுக்குக் கீழே போனால் ஆபத்து என்று இரண்டு அலகிலும் எழுதியிருந்தது. சுருக்கம் ஒன்றின் இலக்கத்தையும் மற்றதன் அலகையும் சேர்த்து "3.9 மில்லிகிராம்" என்று போட்டிருந்தது.

"3.9 மில்லிகிராம் எண்டா மையத்துக்குத்தான் ஈக்கும், உசுரோட ஈக்கிற ஆளுக்கு இல்ல," என்றாள் ஆதிபா, தலையை நிமிர்த்தாமல்.

டெரிக் சிவப்புப் பேனையால் திருத்தினான். முடித்த அத்தியாயங்களை அடுக்கியபோது பதினான்காவது இல்லை என்பதைக் கண்டான்.

"பதினாலு உம்மட்டயா?"

ஆதிபா பேனையை மூடினாள். திறந்தாள்.

"இல்ல. அது சேர் பாத்துட்டார்."

"சேரோ பாத்தது? அவர் புத்தகத்தையே தொடுறேல்லையே."

"நீங்க பாக்க வேணாண்டுதான், டெரிக் அண்ணா. நானும் சேரும் பேசித்தான் அத எடுத்த. என்னால அத வாசிக்க ஏலாமப் போச்சு. சேர் நான் பாக்குறன் எண்டார்."

டெரிக் புத்தகத்தைப் புரட்டினான். பதினான்காம் அத்தியாயம், டெங்கு. ஒரு பக்கத்திலும் பென்சில் பட்டிருக்கவில்லை.

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஒரு வருடமாக அப்படித்தான். அதன் சுருக்கத்தைப் புதிதாக அச்சிட்டு எடுத்து, மட்டையால் மூடிவிட்டு, புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினான். வட்டம் போட்டான். கோடு போட்டான். பிறகு மட்டையை எடுத்தான்.

புத்தகம்: "காய்ச்சல் இறங்கியதும் பெரும்பாலான நோயாளர் தேறுவர். ஆனால் சிலரில் இதே வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். இந்த ஆபத்தான கட்டம் இருபத்துநான்கு தொடக்கம் நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரை நீடிக்கும். கடும் வயிற்று நோவு, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, அமைதியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருப்பினும், காய்ச்சல் இல்லாவிடினும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்."

சுருக்கம்: "ஆபத்தான கட்டம்: காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் காலம். காய்ச்சல் இறங்கியதும் நோயாளி தேறத் தொடங்குவார். ஓய்வும் நீராகாரமும் போதும்."

இரண்டாம் முறையும் வாசித்தான். பிறகு தாளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நமசிவாயத்தின் அறைக்குப் போனான். ஆதிபா பின்னால் வந்தாள்.

நமசிவாயம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கண்டதும் கோப்பையை வைத்தார்.

"தம்பி, உமக்கு இது வேண்டாமெண்டுதான் நான் பாத்தனான்."

"எதோட பாத்தீங்க சேர்?"

"திரும்ப அதிட்டயே குடுத்துக் கேட்டனான், சரியோ எண்டு. சரியாக உள்ளது எண்டு சொல்லிச்சுது."

"புத்தகத்தையும் சேத்துக் குடுத்தோ?"

"அதுதானே புத்தகத்தை வாசிச்சுச் சுருக்கினது. பேந்தென்னத்துக்கு?"

"பிழை விட்டதிட்டயே பிழையோ எண்டு கேட்டிருக்கிறீங்க."

நமசிவாயம் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் அன்பு இருந்தது. அதைத்தான் டெரிக்கால் தாங்க முடியவில்லை.

"இதில என்ன பிழை? காய்ச்சல் விட்டா ஆள் தேறும். நூற்றில தொண்ணூறு பேருக்கு அப்படித்தானே? சுருக்கமெண்டா கொஞ்சம் விடத்தான் வேணும். நீர் மனவருத்தத்தில கதைக்கிறீர் தம்பி. ரெண்டு நாள் லீவு எடும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"பிள்ளையளுக்கு அனுப்பியாச்சோ?"

"நேற்றே அனுப்பியாச்சு. நாளைக்கு வேலைக்குப் போகுதுகள். வத்தளை, கிருலப்பனை எண்டு எல்லா இடமும் பிரிச்சுப் போட்டிருக்கு. இப்ப போய்ப் பிழை விட்டிட்டம் எண்டு அனுப்பினா ஆர் எங்களிட்ட ஆள் எடுப்பினம்?"

டெரிக் புத்தகத்தை ஆதிபாவிடம் நீட்டினான்.

"நீர் வாசியும். நான் சுருக்கத்தில தேடுறன்."

அவள் தயங்கினாள். பிறகு நின்றபடியே வாசித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டெரிக் தாளில் விரல் வைத்து "இருக்கு" அல்லது "இல்லை" என்றான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"பெரும்பாலான."

"இல்லை."

"ஆனால் சிலரில் இதே வேளையில்தான்."

"இல்லை."

"ஆபத்தான கட்டம்."

"இருக்கு. தலைகீழா இருக்கு."

"கடும் வயிற்று நோவு." ஆதிபா நிறுத்தினாள்.

"இல்லை," என்றான் டெரிக். "வாசியும்."

"காய்ச்சல் இல்லாவிடினும்."

"இல்லை."

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே கடற்கரை ரயில் போனது.

"சேர்," என்றாள் ஆதிபா, "நாளைக்கு ஒரு வூட்டுல காய்ச்சல் விடும். எங்கட புள்ள ஒண்டு பக்கத்துல ஈக்கும். இதப் பாத்துட்டு, நீங்க தூங்குங்கண்டு சொல்லும்."

நமசிவாயம் ஃபோனை எடுத்தார். "சரி. திருத்தம் அனுப்புவம். நீட்டாப் போட்டா வாசிக்காதுகள். கொஞ்சம் பொறும், இதைச் சுருக்கித் தரச் சொல்லிக் கேப்பம்."

டெரிக் கையை நீட்டி ஃபோனை வாங்கினான். புத்தகத்தில் இருந்தபடியே, ஒரு சொல்லும் விடாமல் தட்டினான். மேலே "நேற்று அனுப்பியது பிழை" என்று சேர்த்தான். அந்த வரியை நமசிவாயம் எட்டிப் பார்த்தார். டெரிக் அனுப்பினான்.

பதிலுக்குப் பெருவிரல் படங்கள் வரத் தொடங்கின. ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்: "நீளமா இருக்கு சேர். சுருக்கமா சொல்லுங்க, காய்ச்சல் விட்டா நல்லம் தானே?"

டெரிக் அவளுடைய இலக்கத்துக்கு அழைத்தான். அவள் எடுத்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டினான். திருப்பிச் சொல்லச் சொன்னான். வயிற்று நோவை விட்டுவிட்டாள். மறுபடியும் வாசித்தான். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னாள். பிறகு பட்டியலில் அடுத்த பெயருக்கு அழைத்தான். "எல்லாருக்குமோ?" என்று கேட்டார் நமசிவாயம். ஆதிபா தன் ஃபோனை எடுத்துக் கடைசிப் பெயரிலிருந்து தொடங்கினாள்.

சிலர் எடுக்கவில்லை.

மாலையில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி, வழக்கம்போல ஒரு றாத்தல் பாண் வாங்கினான். வீட்டு வாசலில் மாக்ரெட் காத்திருந்தார்.

"பாத்தீங்களா மகன்? கடைக்காரன் இண்டைக்கே கேக்குறான்."

அவன் மறந்திருந்தான். மேசையில் தாளை விரித்தான். மேலே ரொஷேலின் படம், திருமணத்தில் எடுத்தது. பிறந்த திகதி, இறந்த திகதி, பூசை நடக்கும் நேரம். அதற்குக் கீழே: "'மாதாவே' என்ற இறுதிச் சொல்லுடன் இறைவனில் இளைப்பாறிய எங்கள் செல்வமே."

மாக்ரெட் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தபோது ரொஷேலின் தொண்டையில் குழாய் இருந்தது. அதற்கு முன்னரே பேச்சு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டார் அவளைக் குசினி வாசலில் கண்டபோது மூச்சு மட்டும்தான் இருந்தது. செத்த வீட்டில் யாரோ கடைசிச் சொல் என்னவென்று கேட்டார்கள், மாக்ரெட் மாதாவின் பெயரைச் சொன்னார். அடுத்தவர் கேட்டார், அதையே சொன்னார். இப்போது அச்சுக்குப் போகிறது.

"எல்லாம் சரிதானே மகன்?"

சிவப்புப் பேனை சட்டைப்பையில் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"திகதி சரி மம்மி."

அவர் தாளை மடித்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். டெரிக் பாணை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

அவளுடைய கடைசிச் சொற்களின் மூலப் பிரதி அவனிடம் மட்டும்தான் இருந்தது. நாலு நாள் காய்ச்சலுக்குப் பிறகு ரொஷேல் விழுந்த அன்று காலை அவளுடைய நெற்றி குளிர்ந்திருந்தது. வயிறு நோகுது என்றாள். வெறும் வயிற்றில் பனடோல் போட்டதால் என்று இருவருமே நினைத்தார்கள். அவன் லீவு போடவா என்று கேட்டான். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கலைந்த தலைமயிரை முடிந்துகொண்டே சொன்னாள்:

"காய்ச்சல் விட்டிட்டுதுதானே, நீங்க போங்க. வரேக்க ஒரு றாத்தல் பாண் வாங்கிட்டு வாங்க."