நாலு விரல் உயரம்

சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு உடம்பைத் தூக்கிய அடுத்த நொடி, வாத்தியாருக்கு வலது தோளில் சுரீர் என்றது.

வீட்டுக்கே வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண், நாற்காலி மெத்தையையும் கட்டிலையும் கையால் அளந்து பார்த்தாள்.

"நாற்காலியை விட கட்டில் நாலு விரல் உசரம் சார். தினமும் தோளால மலை ஏறியிருக்கீங்க. தசைநார் முழுசா கிழிஞ்சா, உங்களைத் தூக்கி உக்கார வைக்க ஆள் வேணும். கட்டில் காலை அறுத்து நாற்காலிக்குச் சமமாக்குங்க."

"அது மட்டும் முடியாதும்மா!"

விபத்துக்குப் பின் நடக்க முடியாமல் வீடு திரும்பிய வாத்தியாருக்காக அவருடைய அப்பாவே இழைத்த கட்டில் அது. தலையெல்லாம் மரத்தூளோடு சிரித்தபடி, "எந்திரிச்சு நிக்கச் சுலபமா இருக்கும்டா" என்று உயரமாக வைத்தார். மகன் நடப்பான் என்று கடைசிவரை நம்பிய மனிதர்.

மனைவி கேட்டாள்: "உங்களுக்குச் சுலபமா இருக்கணும்னுதானே மாமா செஞ்சாரு? அவர் இருந்திருந்தா இந்நேரம் ரம்பத்தை எடுத்திருப்பாரு. நீங்க என்னடான்னா கட்டிலுக்குக் காவல் காக்குறீங்க!"

வாத்தியார் கட்டில் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"தச்சரை வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் கட்டில் கால்கள் அறுபட்டன. பிசியோதெரபிஸ்ட் பெண் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் பாலமாக வைத்தாள்.

"தூக்காதீங்க சார். கொஞ்சம் கொஞ்சமா நகருங்க. நாற்காலி தள்ளும்போதும் சக்கரத்தைக் குட்டிக் குட்டியா தட்டாம, நிதானமா நீளமா தள்ளுங்க."

அவர் நகர்ந்தார். தோள் முணுமுணுத்தது, கத்தவில்லை. அறையெங்கும் தேக்குத்தூள் மணத்தது. அப்பா வேலையை முடித்துவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தது போலிருந்தது.