அலமாரி மேல் வைத்த பாதி

பரீட்சைக்கு இருபத்து மூன்று நாட்கள் இருந்தபோது, அக்காவின் கையிலிருந்து தங்கை புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"ஹெப்பரின் ஊசி அதிகமாப் போனா மாத்து மருந்து என்னக்கா குடுக்கணும்?"

அக்காவுக்கு அந்தப் பக்கமே கண்முன் வந்தது. இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி, மஞ்சள் கோடு. கோட்டின் மேலிருந்த சொல் மட்டும் வரவில்லை.

"வைட்டமின் கே."

"அது வார்ஃபரினுக்கு. இதுக்குப் புரோட்டமின். இந்தப் பாடத்தை எத்தனை தடவை படிச்சிருப்பே?"

"ஆறு தடவை."

"நீ படிக்கலக்கா. புத்தகத்தைத் தடவிக் கொடுத்திருக்கே."

தங்கை பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீட்டிலும் சாக்பீஸ் இல்லாத குறைதான். அக்கா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் உதவியாளர். உரிமப் பரீட்சையில் தேறினால் மருந்தாளுநர். தேறாவிட்டால் வருடக் கடைசியில் அந்த வேலையும் இல்லை. அதற்குள் இதையும் சேர்த்து இரண்டு பரீட்சைகள் வரும். ஆனால் ஒருவர் மொத்தம் மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை தோற்றாள். இரண்டாம் முறை போகும் வழியிலேயே காய்ச்சல் வந்து எழுதாமல் திரும்பிவிட்டாள், அதனால் அது கணக்கில் சேராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றே தங்கை புது அட்டவணை போட்டாள். காலையில் அரை மணி நேரம் ஒரே ஒரு முறை படிப்பது. பிறகு புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுவது. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் குறிப்பது. சிவப்பானவை மட்டும் கேள்வி அட்டைகளாகும். மதிய இடைவேளையில் அட்டைகள். மாலையில் தங்கை கேட்பாள்: நேற்றையவை, மூன்று நாள் முந்தையவை, போன வாரத்தவை. தப்பானது மறுநாளே திரும்ப வரும்.

முதல் நாள் வெள்ளைத் தாளில் நான்கு வரி வந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புரட்டிப் படித்த காலத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்ததே, அந்தச் சுகம் எங்கே போயிற்று?

"பழைய மாதிரியே படிச்சுக்கறேன்டி. இது என்னைச் சின்னாபின்னமாக்குது."

"இப்ப சின்னாபின்னமானா பரவாயில்ல. ஹால்ல ஆனாத்தான் கஷ்டம்."

அக்கா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மருந்தகத்தில் மாத்திரைப் பட்டைகளை எண்ணும்போது மனத்துக்குள் கேள்விகள் ஓடின. தலைமை மருந்தாளுநர், "என்னம்மா, மாத்திரையோட பேசுறீங்களா? பதில் சொல்லுதா?" என்று கேட்டார். சிலது சொல்லத் தொடங்கியிருந்தது. ஆனால் பாடங்களோ இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் மூன்று முறையாவது திரும்ப வர வேண்டும். நாட்கள் அதற்குப் போதாது.

தங்கைக்கும் அது தெரிந்தது. பத்தாம் நாள் பாடங்களை இரண்டாகப் பிரித்தாள்.

"எல்லாத்தையும் அரைகுறையாத் தொட்டா ஒண்ணும் நிக்காது. இந்தப் பதினொண்ணையும் உறுதியாப் பிடிச்சுக்கோ. இந்தத் தடவை ஹால்ல பழகிட்டு வா. மிச்சப் பாதி அடுத்த தடவைக்கு. உனக்குத்தான் இன்னொரு வாய்ப்பு இருக்கே."

மிச்சப் பாடங்களின் குறிப்புகளை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியின் மேல் வைத்தாள். அக்கா வாயைத் திறந்தாள். "ம்" என்று மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் பார்த்தது அந்தக் குறிப்புக் கட்டைத்தான். எட்டி எடுக்கலாம். எடுத்தால் தங்கை ஏன் என்று கேட்பாள். சொன்னால், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த அம்மா முதல் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அக்கா படித்தாள், மூடினாள், எழுதினாள், சிவப்பில் குறித்தாள். தாள் நாளுக்கு நாள் நிறைந்தது.

பரீட்சைக்கு ஐந்து நாள் முன்பு, மாலையில், தங்கை பதினொரு பாடத்தின் அட்டைகளையும் கலைத்துப் போட்டுக் கேட்டாள். அக்கா தடுமாறாமல் பதில் சொன்னாள்.

"ஹெப்பரின்?"

"புரோட்டமின்."

"பாரசிட்டமால்?"

"அசிட்டைல்சிஸ்டீன்."

கடைசி அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கை கைதட்டினாள். "ஒண்ணுகூடத் தப்பில்லக்கா! பாதி கோட்டையப் பிடிச்சாச்சு. என் பசங்க யாராவது இப்படிச் சொல்லியிருந்தா முட்டாய் வாங்கிக் குடுத்திருப்பேன்."

அக்கா சிரிக்கவில்லை. அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை இறக்குடி."

"எதுக்கு? அஞ்சு நாள்ல அது ஏறாதுக்கா. ஏறுனதையும் கலைச்சுடும். அதான் அடுத்த தடவைன்னு..."

"இறக்கு."

"என்னாச்சு உனக்கு?"

அட்டைகள் மேசையில் கலைந்து கிடந்தன. இந்தக் கேள்விக்கு அட்டை இல்லை. பதிலைத் திருப்பிப் பார்க்கப் பின்பக்கமும் இல்லை.

"போன தடவை எனக்குக் காய்ச்சல் இல்ல. நான் ஹாலுக்குப் போனேன். மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். எல்லாமே படிச்ச மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் வரல. வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்தேன். இதுதான் மூணாவது தடவை."