இந்த மாதக் கணக்கு முடிந்தது

நாளிதழின் வாசகர் சேவைப் பிரிவு மூன்றாவது மாடியில், அச்சு இயந்திரங்களின் சத்தம் எட்டாத இடத்தில் இருந்தது. ஆறு மேசைகள், ஆறு ஹெட்போன்கள். மாதக் கடைசி என்றால் அழைப்புகள் தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி மொய்க்கும். இணையதளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஐந்து கட்டுரைகளும் அதற்குள் எல்லோருக்கும் தீர்ந்திருக்கும்.

அவள் அன்று காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தாள். நாற்காலியைப் பின்னே தள்ளினாள், முன்னே இழுத்தாள். குடிக்காமலே தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள்.

பக்கத்து மேசைக்காரிக்கு ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். மெல்லப் பேசத் தெரியாதவள். அவள் ஒரு வாசகரிடம் அறை முழுக்கக் கேட்கும்படி விளக்கிக்கொண்டிருந்தாள். "சார், ஒண்ணாம் தேதி ஆனா அஞ்சு மறுபடி புதுசா வரும். போன மாசம் படிக்காம விட்டது சேராது சார். இல்ல சார், அது லீவு நாள் மாதிரி சேத்து வைக்க முடியாது!" போனை வைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "என்னடி, கால்ல சக்கரம் கட்டின மாதிரி இருக்க? நாற்காலி பாவம், விட்டுடு."

"தூக்கம் சரியில்ல."

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவளுடைய கணவர் இதே நாளிதழில் நகரப் பகுதிக்கு வாரம் ஒரு பத்தி எழுதியவர். நிருபர்கள் அவரைத் தெருக்காரன் என்றே அழைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு தெரு, அதில் ஒரு மனிதர். காய்ச்சலைக் காய்ச்சல்தானே என்று விட்டது எட்டு மாதங்களுக்கு முன்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் ஊழியராக இருந்தவரை அவருடைய கணக்கில் எல்லாமே திறந்திருந்தது. இறந்த அடுத்த மாதம் அலுவலகம் அதை நிறுத்த, அது சாதாரண இலவசக் கணக்காகச் சுருங்கியது. மாதம் ஐந்து.

அவளுக்குத் தன் பெயரில் ஊழியர் சந்தா இருந்தது. முழுச் சந்தா. எதையும் எத்தனை முறையும் படிக்கலாம். இருந்தும் வீட்டில் இருந்த பழைய டேப்லெட்டில், அவருடைய கணக்கிலிருந்து அவள் வெளியேறவேயில்லை. திறந்தால் மேலே 'வணக்கம், தெருக்காரன்' என்று வரும். ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் விடிந்ததும் விடியாததுமாக அவருடைய பத்திகளில் ஐந்தைத் திறப்பாள். பிறகு மாதம் முழுக்க அந்த ஐந்தையே திரும்பத் திரும்பப் படிப்பாள். ஒருமுறை எண்ணிய கட்டுரையை அந்த மாதத்துக்குள் இணையதளம் மறுபடி எண்ணுவதில்லை.

இப்போது வேறு ஒரு கவலை வந்திருந்தது. ஒரு வருடத்தைக் கடந்த கட்டுரைகள் பழைய இதழ்கள் பகுதிக்குப் போய்விடும். அதை இலவசக் கணக்கில் திறக்க முடியாது. அடிப்படைச் சந்தாவிலும் முடியாது. அவருடைய பத்திகள் ஒவ்வொன்றாக அந்தக் கதவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. தன் கணக்கில் போய்ப் படிக்கலாம்தான். ஆனால் அங்கே மேலே அவள் பெயரல்லவா இருக்கும்.

விளக்கு மினுக்கியது. அடுத்த அழைப்பு.

"வணக்கம், வாசகர் சேவை."

"ஆங்... கொஞ்சம் சத்தமா பேசும்மா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவளுடைய கை மவுஸிலேயே நின்றுவிட்டது. பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் என்ஜின் இரைச்சலில் நின்று செவியைத் தேய்த்துக்கொண்டவரின் குரல். மாமனாரின் குரல்.

எட்டு மாதமாக இருவரும் பேசவில்லை. காரியம் முடிந்து அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவர் வாசலில் நின்று சொன்னார்: "பெட்டி கட்டுறதுல இருக்கிற வேகத்த, அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுல காட்டியிருக்கலாம்." அந்த வாக்கியம் மட்டும் அவளோடு கூடவே வந்து குடியிருந்தது.

"சொல்லுங்க," என்றாள், குரலைச் சற்று மாற்றி.

"இந்த போன்ல உங்க பேப்பர் படிக்கிறேன். ஒண்ணாம் தேதி காலைல எந்திரிச்சு திறந்தா, இந்த மாதக் கணக்கு முடிந்ததுன்னு சொல்லுது. நான் ஒண்ணுமே படிக்கல. பல்லுகூட விளக்கல! மாசாமாசம் இதே கதை. யாரு படிச்சா? பேயா படிச்சுது?"

திரையில் போன் எண்ணைத் தட்டினாள். எந்தக் கணக்கு என்று வரும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கருவிகள், ஒரே கணக்கு. ஒன்று டேப்லெட், இன்னொன்று ஒரு போன். போனை அவர் மகன்தான் அப்பாவுக்கு வாங்கித் தந்து, தன்னுடைய கணக்கையே அதில் போட்டுக் கொடுத்திருக்கிறார். உள்நுழைந்து படித்தால் எண்ணிக்கை கணக்கோடு போகும், கருவியோடு அல்ல.

"அதுல இன்னொரு வேடிக்கை கேளும்மா," என்றார் அவர். "முடிஞ்சதுன்னு சொல்லுதே தவிர, சிலது திறக்குது. குழாயடி பத்தி எழுதினது திறக்குது. சலூன்காரர் பத்தினது திறக்குது. பாலத்துக்குக் கீழ பூட்டு சரி பண்றவர் பத்தினதும் திறக்குது. வேற எதத் தொட்டாலும் கதவ சாத்துது."

குழாயடி, சலூன், பூட்டு. மிச்சம் இரண்டையும் அவளால் சொல்லிவிட முடியும். இந்த மாதம் அவள் திறந்த ஐந்து அவை. மாதாமாதம் அவர் எழுவதற்குள் அவள் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கிறாள். அவள் படித்தவற்றை மட்டும் அவர் அவளுக்குப் பின்னால் படித்திருக்கிறார்.

"உங்களுக்கு எது வேணும்?" என்றாள்.

"பணிமனைக்காரர்னு ஒண்ணு. போன வருஷம் இதே சமயம் வந்தது. ஒண்ணாம் தேதி வரட்டும்னு இருந்தா, பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுது, அதுக்குள்ள வருஷம் ஆயிடும், உள்ள போட்டுப் பூட்டிடுவாங்கன்னு. நெசமா?"

"நெசம்தான்."

அந்தப் பத்தி அவரைப் பற்றியது. அவள் அதை மட்டும் ஒரு மாதமும் திறந்ததில்லை.

"அடிப்படைச் சந்தான்னு ஒண்ணு இருக்காமே. அது எடுத்தா?"

"அதுல கடைசி ஒரு வருஷத்துச் செய்தி எவ்வளவு வேணா படிக்கலாம். எண்ணாது. ஆனா பழைய இதழ் வராது, அச்சுல வர்ற பக்கமும் அப்படியே வராது. அதெல்லாம் முழுச் சந்தாவுலதான்."

"நல்லா இருக்கே! வாங்கினப்புறமும் ரெண்டு நாள்ல பூட்டுவீங்க. பெத்தவன் புள்ள எழுதினதப் படிக்கறதுக்கு..."

"கணக்கு உங்க பேர்ல இருக்கா?" என்று அவசரமாகக் குறுக்கிட்டாள். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்டிருக்கவே கூடாது. அழைப்புகள் பதிவாகின்றன. கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று போனில் தெரிந்தால், அந்தக் கணக்கை அன்றே மூடவேண்டும். அதுதான் இங்கே விதி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். சொல்லிவிடாதீர்கள் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினாள். வேறு ஏதாவது சொல்லுங்கள். மகன் வெளியூரில் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

"என் மகன் பேர்ல," என்றார் அவர். "அவன் இல்லம்மா. போய்ச் சேந்துட்டான்."

ஸ்பீக்கர் தன் மேசையில் யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு அது வேறு ஊரிலிருந்து வருவது போலக் கேட்டது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

வாய் தவறி வந்துவிட்டது. மறுமுனையில் எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை.

"நீதானா," என்றார் கடைசியில். "குரல் கேட்டப்பவே எங்கேயோ உதைச்சுது. ஒண்ணாம் தேதி காலைல படிக்கிற பேயும் நீதானா?"

"நான்தான்."

"ஏன், உனக்குத்தான் ஆபீஸ்ல எல்லாம் ஓசியாச்சே!"

அவள் திரையிலிருந்த தெருக்காரன் என்ற பெயரைப் பார்த்தாள். "மாமா, அந்தக் கணக்க மூடணும். நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுட்டேன்," என்றாள். "என்னோட சந்தாவுல வீட்டு ஆளுங்க நாலு பேரச் சேக்கலாம். உங்களச் சேக்கறேன். உங்க பேர்லயே தனியாத் திறக்கும். எண்ணாது, பூட்டாது. பழசும் வரும்."

"நான் உன் வீட்டு ஆளா?"

கோபமா கேள்வியா என்று பிரித்துச் சொல்ல முடியாத தொனி.

"நாலு இடமும் காலியாத்தான் இருக்கு," என்றாள்.

அவர் ஏதோ முனகினார். பிறகு, "சரி, போடு," என்றார்.

"போனுக்கு ஒரு எண் வரும். அத நீங்களே அடிக்கணும். யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என்கிட்டயும் சொல்லக்கூடாது."

"இந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்கு எங்க தெரியுது? சொல்லவும் கூடாது, தெரியவும் தெரியாதுன்னா நான் என்ன ஜோசியமா பாக்கறது?"

"சாயங்காலம் நானே வரேன்."

அழைப்பு முடிந்ததும் 'கணக்கை மூடு' என்ற பொத்தானுக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள். உறுதியாகவா என்று திரை கேட்டது. எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தாள். திரை இன்னும் கேட்டுக்கொண்டேயிருந்தது. நின்றபடியே அழுத்தினாள்.

"உக்காந்துதான் வேலை செய்யேன்டி!" என்றாள் ஸ்பீக்கர்.

மாலையில் மாமனார் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. மேசையில் இரண்டு டம்ளர் டீ ஆடை படிந்திருந்தது. எப்போதோ போட்டு வைத்திருக்கிறார். எண் வந்தது. அவள் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, அவர் தடித்த விரலால் அடித்தார். இரண்டு முறை தப்பு, மூன்றாவது முறை திறந்தது.

"பணிமனைக்காரர்," என்று அவரே தேடிக் கண்டுபிடித்தார். முழுப் பத்தியும் வந்தது, அடிவரை. சட்டென்று கீழே தள்ளிப் பார்த்தார், எங்காவது கதவு சாத்துமோ என்று. மேலே வந்தார். மறுபடி கீழே போனார்.

"மெதுவா மாமா. இனிமே எண்ணாது."

"தெரியும், தெரியும்." ஆனாலும் அவர் கை நிற்கவில்லை. எழுந்தார், நடந்தார், விளக்கைப் போட்டார், வேண்டாமென்று அணைத்தார். "அன்னிக்கு வாசல்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் வராமல் போனை அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா, நீ படி. இத்தன மாசமா நீ படிச்சதயெல்லாம் நான் படிச்சேன். நீ படிக்காதது இது ஒண்ணு. சத்தமா படி, காது கேக்காது."

அவள் வாங்கிக்கொண்டாள். முதல் வரியில் ஒரு மனிதர், ஷிப்ட் முடிந்து சோப்புப் போட்டுக் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சோப்பா?" என்று சீறினார் மாமனார். "சோப்புக்கு எங்கடா போகும் கிரீஸ்? மண்ணெண்ணெய்! வீட்டுலயே இருந்து பாத்தவன், இதக்கூடச் சரியா எழுதல பாரு. ம், மேல படி."

அவள் மேலே படித்தாள்.