மூன்றாவது விசில்

அந்த வீட்டில் இரண்டு விசில்கள் உண்டு. ஒன்று நாற்சந்தியில் வண்டிகளை நிறுத்துவது. அது போக்குவரத்துக் காவலரான அண்ணியின் சட்டைப்பையில் இருக்கும். இன்னொன்று பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடுவது. அது உடற்கல்வி ஆசிரியையான நாத்தனாரின் கழுத்தில் தொங்கும். மூன்றாவதாக ஒன்று அண்ணியின் நெஞ்சுக்குள் குடியேறியிருந்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அது வேளைகெட்ட வேளையில் ஊதியது.

பதவி உயர்வுக்கு ஓட்டத் தேர்வு உண்டு. மைதானத்தை ஆறு சுற்று, பதினான்கு நிமிடத்துக்குள். போன முறையும் அதற்கு முந்தின முறையும் கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் ஓய்வு பெறும் வரை அதே நாற்சந்திதான். அதனால் அவள் விடிவதற்கு முன் எழுந்து புறவழிச்சாலை ஓரமாக வெறி பிடித்தவள்போல் ஓடினாள். மழை பெய்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மழை விட்ட நாளில், ஓடாமல் விட்ட நாளுக்கும் சேர்த்து ஓடினாள். நேரமோ வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போனது.

"தலைகீழா பண்றீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து. "மழை பெய்யும்போது தூங்குறீங்க. புகை நிக்கும்போது ஓடுறீங்க."

"மழையில ஓடி சளி பிடிச்சா உங்க அண்ணனா சிக்னல்ல நிப்பாரு?"

"சளி மழைத்தண்ணியிலருந்து வர்றதில்ல. நல்லா பெய்யற மழை காத்துல இருக்கற தூசி புகையில பாதியையாவது கீழ இறக்கிடும். மழை விட்டு ரெண்டு நாள் காத்தே அசையலன்னா எல்லாம் திரும்ப வந்துடும். அதுவும் விடியக்காலையில புகை மேல போக வழியில்லாம தரையோட படுத்துக் கிடக்கும். நீங்க லாரி பக்கத்துல ஓடிப் போய் அதை அள்ளி அள்ளிக் குடிக்கறீங்க."

"விடியக்காலை காத்து சுத்தமானதுன்னு ஊரே சொல்லுது."

"ஊர் ஓடல. நீங்க ஓடுறீங்க. ஓடும்போது நிக்கறதைவிட பல மடங்கு காத்தை உள்ள இழுக்கறோம்."

அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேசுகிறவளுக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது? நேரத்தைத் தேர்ந்தெடுத்து ஓடு என்று சொல்வதற்கு முதலில் கையில் நேரம் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு நாற்சந்தி, நாலு மணிக்கு வீடு. நாலு மணிக்குக் காற்று தேவலாம்தான், ஆனால் இந்தப் பருவத்தில் இடியும் அப்போதுதான் கிளம்புகிறது. காற்று சரியாக இருந்தால் வானம் சரியில்லை, வானம் சரியாக இருந்தால் காற்று சரியில்லை, இரண்டும் சரியாக இருந்தால் இவளுக்கு வேலை. யாரைக் கேட்டு இப்படி ஒரு பருவத்தில் தேர்வு வைத்தார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் வேறு வழியில்லை. மருத்துவரிடம் போனார்கள். மூச்சுக்குழல் சுருங்குகிறது என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், ஓடுவதற்கு முன்னால் மெதுவாக உடம்பைச் சூடேற்றச் சொன்னார். அன்றிலிருந்து இடமும் மாறியது. நாத்தனாரின் பள்ளி மைதானம் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது, தண்ணீர் தேங்காத மண். தெருவில் ஓடினால் தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

மழை பெய்த விடியலில் வேக ஓட்டம். இடிச்சத்தம் ஒரு தடவை கேட்டாலும் வகுப்பறைக்குள், கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே. புகை மூடிய நாளில் ஓட்டமே கிடையாது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுவது, அவ்வளவுதான். அந்த நாட்களில் அவளுக்குக் கையும் காலும் ஓடாது.

"இப்படிச் சும்மா கிடந்தா எங்கருந்து வேகம் வரும்?"

"சும்மா கிடக்கறதும் பயிற்சிதான் அண்ணி."

வீடு நாறியது. காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தும் ஈரம் போகவில்லை. சீருடைக்கும் ஓட்ட உடைக்கும் ஒரே கொடி. கணவன் தன் சட்டைக்கு இடம் தேடி முணுமுணுத்தான். ஆனால் நெஞ்சுக்குள் இருந்த விசில் வாயை மூடிக்கொண்டது. பதினாறு நிமிடம் பதினைந்தானது, பதினைந்து பதினாலானது.

தேர்வு நாள் விடிந்தபோது சீரான மழை. இடி இல்லை, காற்று இல்லை. அண்ணிக்கு வாயெல்லாம் பல். தேர்வு நடத்த வந்த இன்ஸ்பெக்டர் போர்டிகோவில் நின்றபடி மைதானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம். மழை விட்டு நாலு நாள் காயட்டும், வெச்சுக்கலாம்."

"தண்ணி தேங்கல சார். வழுக்கவும் இல்ல. இன்னிக்கே ஓடிடறோம்."

"யாராவது விழுந்தா நான் பதில் சொல்லணும்மா. போ."

தேர்வுக்கு வந்திருந்த மற்றவர்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. ஆத்திரம் தலைக்கேறி, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, தனியாக ஆறு சுற்று ஓடினாள். துணைக்கு வந்திருந்த நாத்தனார் குடைக்குள் நின்று நேரம் பார்த்தாள். பதின்மூன்றரை நிமிடம். இன்ஸ்பெக்டரின் ஜீப் அதற்குள் போய்விட்டிருந்தது.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மைதானம் காய்ந்திருந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. பக்கத்துப் புறவழிச்சாலையின் விளக்குக் கம்பங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. கைப்பேசியில் காற்று மாசின் அளவைப் பார்த்த நாத்தனாரின் முகம் செத்துப்போயிற்று.

"மதியத்துக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க அண்ணி."

கேட்டாள். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஊரே இந்தக் காத்தைத்தானேம்மா இழுக்குது. நல்ல வெயில் அடிக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்."

"அப்போ ஒண்ணு," என்றாள் நாத்தனார், அவளைத் தனியே இழுத்து. "மருந்தை அடிச்சுக்கோங்க. முதல் ரெண்டு சுத்து அடக்கி ஓடுங்க. நெஞ்சு ஊதினா நின்னுடணும். சத்தியம் பண்ணுங்க."

"நின்னா இதோட முடிஞ்சுதுடி."

"தெரியும். சத்தியம் பண்ணுங்க."

அடக்கித்தான் ஓடினாள். மூன்றாவது சுற்றில் தொண்டை காந்தியது. முன்னால் போனவர்கள் இருமிக்கொண்டே போனார்கள். நாலாவது சுற்றின் பாதியில் மூன்றாவது விசில் ஊதத் தொடங்கியது, முதலில் மெல்ல, பிறகு அடுத்தவருக்குக் கேட்கும்படி. கால்களில் தெம்பு இருந்தது. அதுதான் கொடுமை. இன்னும் இரண்டரைச் சுற்று ஓடக் கால் தயார், மூச்சு தயாரில்லை. பத்து அடி ஓடிப் பார்த்தாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. கோட்டைத் தாண்டி ஓரமாக வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் இன்ஹேலரோடு ஓடி வந்தாள். இரண்டு முறை அடித்து, மூச்சு சீராகக் கால் மணி நேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் அருகில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"என்னம்மா, கொஞ்சம்தானே பாக்கி. பல்லைக் கடிச்சுட்டு ஓடியிருக்கக் கூடாதா?"

"இந்தக் காத்துல எனக்கு ஓட ஆகாது சார்."

"சரி, விடு. ஒரு மணி நேரம் ரெஸ்ட் எடு. பத்து மணிக்குப் போய் சிக்னல்ல நின்னா போதும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓட ஆகாத காத்து, நாள் முழுக்க நிக்க மட்டும் ஆகுமா சார்?"

இன்ஸ்பெக்டர் பட்டியலில் அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

பத்து மணிக்கு அவள் நாற்சந்தியில் நின்றாள். மதியத்துக்கு மேல் வானம் இருட்டி, கொட்டோ கொட்டென்று கொட்டியது. இருசக்கர வண்டிகள் பாலத்துக்கு அடியில் ஒதுங்கின. சற்று நேரத்தில் தூரத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தெளிவாகத் தெரிந்தன. மழைக்கோட்டுக்குள் கைப்பேசி அடித்தது.

"அண்ணி, இங்க காத்து இப்ப..."

"சொல்லாதடி," என்றாள் அண்ணி. "எனக்கே தெரியுது."

கைப்பேசியை வைத்துவிட்டு நெஞ்சு நிறைய இழுத்தாள். தடையே இல்லாமல் போனது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு செய்வதற்கு அவளுக்கு வேறொன்றும் இல்லை. விசிலை வாயில் வைத்து, சிவப்பைத் தாண்டி வந்த ஒரு லாரியைப் பார்த்து ஊதினாள்.